கார்த்திகை தீபம்: பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் பெரியவர்கள் சொல்லக்கூடிய பதில்களும்

கார்த்திகை வந்தால் என் ஏழு வயது மகள் கேட்டுத் துளைக்கிறாள். பாதிக்கு எனக்கே பதில் தெரியாது. என்ன சொல்வது?

கார்த்திகையைப் பற்றி நாம் பேசும்போது பல ரகமான விஷயங்கள் ஒரே மூச்சில் வந்துவிடும். அன்று நிலா முழுசாக இருக்கும் என்பது யாரும் வெளியே போய்ப் பார்க்கக்கூடியது. சிவன் நெருப்புத் தூணாக நின்றார் என்பது புராணம் சொல்வது. விளக்கேற்றினால் வீட்டுக்கு நல்லது என்பது பாட்டியின் நம்பிக்கை. நமக்கு எல்லாம் பழகிப்போய் ஒன்றாகிவிட்டன. முதன்முதலாகக் கேட்கும் குழந்தைக்கு அவை தனித்தனியாகக் கிடைக்க வேண்டும்.

அதற்குப் பெரிய தந்திரம் ஒன்றும் வேண்டாம். "இதை நீயே பார்க்கலாம்", "இப்படி ஒரு கதை சொல்வாங்க", "பாட்டி இதை நம்புறாங்க" என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் சேர்த்துச் சொன்னால் போதும். யார் சொல்வது என்று தெரிந்துவிட்டால் கதையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் அடித்துச் சொல்லவும் வேண்டியதில்லை. கீழே உள்ளவை ஐந்திலிருந்து பத்து வயதுவரை உள்ள பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பவை.

இன்னைக்கு மட்டும் ஏன் இவ்வளவு விளக்கு?

முதலில் வானத்தைக் காட்டுங்கள். கார்த்திகை மாதத்தில், முழுநிலா கார்த்திகை என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்தில் வரும் நாளை ஒட்டித்தான் இந்தத் திருநாள். அதனால்தான் இது வருடா வருடம் ஒரே தேதியில் வருவதில்லை. திருவண்ணாமலை தீபம் 2023-ல் நவம்பர் 26 அன்று ஏற்றப்பட்டது, 2024-ல் டிசம்பர் 13, 2025-ல் டிசம்பர் 3. நிலாவைப் பார்த்து நாள் குறிப்பதால் வரும் வித்தியாசம் இது.

"எத்தனை வருஷமா இப்படிச் செய்றாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு உறுதியான சாட்சி இருக்கிறது. அகநானூற்றின் 141-ஆவது பாட்டில் நக்கீரர் ஒரு இரவைச் சொல்கிறார்: மழை ஓய்ந்த வானம், நிறைந்த நிலா, அதனுடன் சேரும் ஆறு மீன்கள், தெருவெல்லாம் விளக்கு, தொங்கவிட்ட மாலைகள், ஊரே கூடி நிற்கும் விழா. நாம் இன்று வாசலில் நின்று பார்ப்பது அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் நெருப்புத் தூண் கதை இல்லை. விளக்கும் நிலாவும் ஆறு மீனும்தான் இருக்கின்றன. குழந்தையிடம் இப்படிச் சொல்லலாம்: "ரொம்பப் பழைய காலத்துலயே நம்ம ஆளுங்க இந்த ராத்திரி விளக்கு ஏத்தியிருக்காங்க. ஏன் ஆரம்பிச்சாங்கன்னு அவங்க எழுதி வைக்கல. அப்புறம் வந்தவங்க பல கதை சொன்னாங்க."

அந்த ஆறு நட்சத்திரம் எங்கே? எனக்குத் தெரியலையே?

தீபத்தன்று தெரியாமல் போனால் குழந்தை கண்ணில் குறை இல்லை. பக்கத்திலேயே முழுநிலா இருப்பதால் அதன் வெளிச்சம் அந்த மங்கலான கூட்டத்தை மறைத்துவிடும். ஐந்தாறு நாள் கழித்துப் பாருங்கள். அப்போது நிலா வெகுநேரம் கழித்துத்தான் எழும்.

இரவு ஒன்பது மணி வாக்கில் மொட்டைமாடியில் கிழக்கைப் பார்த்து நில்லுங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாகத் தெரியும். அந்த மூன்றிலிருந்து மேலே போனால் லேசாகச் சிவந்த ரோகிணி. இன்னும் மேலே அதே போக்கில் போனால் சின்னக் கொத்தாக ஒன்று தெரியும், அதுதான் கார்த்திகை. சாதாரணக் கண்ணுக்கு ஆறு தெரியும். சிலருக்கு ஏழு. தொலைநோக்கியில் நூற்றுக்கணக்கில் தெரியும். அங்கிருந்து கிளம்பிய ஒளி நம் கண்ணுக்கு வந்து சேர நானூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது.

அப்புறம் கதையைச் சொல்லுங்கள். ஆறு கார்த்திகைப் பெண்கள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளை வளர்த்தார்கள், அந்த ஆறும் சேர்ந்து முருகன் ஆனார், அதனால்தான் அவருக்குக் கார்த்திகேயன் என்று பேர் என்பது கதை. "அப்ப அது பொம்பளைங்களா, நட்சத்திரமா?" என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். "வானத்துல இருக்கிறது நட்சத்திரம். அதைப் பார்த்துப் பெரியவங்க சொன்ன கதையில ஆறு அம்மாக்கள்" என்பது முழு பதில். இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ள குழந்தைகளுக்குச் சிரமமே இல்லை. பெரியவர்கள்தான் பயப்படுகிறோம்.

சாமி நிஜமாவே நெருப்பா நின்னாரா?

பல வீடுகளில் பேச்சு இங்கேதான் தட்டுத் தடுமாறும். ஒருவர் "ஆமா, சத்தியமா" என்பார், இன்னொருவர் "சும்மா கதை, போய் விளையாடு" என்பார். குழந்தைக்கு இரண்டிலும் பதில் கிடைக்கவில்லை.

கதையை முதலில் முழுசாகச் சொல்லிவிடுங்கள். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. நடுவில் அடியும் முடியும் தெரியாத ஒரு நெருப்புத் தூண் எழுந்தது. விஷ்ணு பன்றியாகி மண்ணைத் தோண்டிக் கீழே போனார், பிரம்மா அன்னமாகி மேலே பறந்தார். இருவருக்கும் எல்லை கிடைக்கவில்லை. அந்தத் தூண்தான் சிவன். அது நின்ற இடம் திருவண்ணாமலை மலை என்பது அந்த ஊர்க் கதை. பக்கத்துச் சிவன் கோவிலுக்குப் போனால், கருவறையின் பின்சுவரில் இதே கதை சிலையாக இருப்பதைக் காட்டலாம். தூணுக்குள் சிவன், மேலே சின்னதாக அன்னம், கீழே பன்றி. லிங்கோத்பவர் என்பார்கள். பிள்ளைகள் அந்தப் பன்றியைத் தேடிக் கண்டுபிடிப்பதில் மிகவும் குஷியாகிவிடுவார்கள்.

அதன் பிறகு பேச்சு இப்படிப் போகலாம்:

"அம்மா, இது நிஜமா நடந்துச்சா?"

"நடந்துச்சுன்னு உங்க ஆச்சி நம்புறாங்க. நிறைய பேர் நம்புறாங்க. யாரும் பார்த்து எழுதி வச்ச விஷயம் இல்ல, ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு வர்ற கதை."

"நீ நம்புறியா?"

"எனக்கு அது நடந்த சம்பவம்னு தோணல. ஆனா அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். யார் பெரியவங்கன்னு சண்டை போட்ட ரெண்டு பேராலயும் அதோட எல்லையைத் தொட முடியல பாரு."

"ஆச்சி சொல்றது பொய்யா?"

"இல்லடா. பொய்யின்னா இல்லன்னு தெரிஞ்சே சொல்றது. ஆச்சி மனசார நம்பிச் சொல்றாங்க."

நீங்கள் நம்புகிறவராக இருந்தால் இரண்டாவது பதிலை மாற்றிக்கொள்ளுங்கள்: "நான் நம்புறேன். எப்படின்னு என்னால காட்ட முடியாது, ஆனா விளக்கு முன்னாடி நிக்கும்போது சாமி இருக்கார்னு எனக்குத் தோணும்." இதுவும் நேர்மையான பதில்தான். உங்களுக்குத் தெரியாது என்றால் "தெரியலடா" என்பதும் பதில். செய்யக்கூடாதது, நம்பாததை நம்புவதாக நடிப்பதும், நம்புகிற ஆச்சியைக் குழந்தை முன்னால் சின்னவராக்குவதும்.

பிரம்மா பொய் சொன்னாராமே? சாமி பொய் சொல்லலாமா?

கதையில் சொன்னார். முடியைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அதனால்தான் சிவபூஜையில் தாழம்பூ சேர்ப்பதில்லை என்பார்கள். புராணங்களில் வரும் சாமிகள் கோபப்படுவார்கள், ஆசைப்படுவார்கள், தப்பும் செய்வார்கள். அதை மறைக்காமல் சொல்லலாம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். "அதனால பிரம்மாவுக்குக் கோவிலே கிடையாது" என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது சரியில்லை. கும்பகோணத்தில் பிரம்மாவுக்குக் கோவில் இருக்கிறது, திருச்சி பக்கத்துத் திருப்பட்டூரில் பெரிய சந்நிதி இருக்கிறது, ராஜஸ்தானில் புஷ்கர் இருக்கிறது. "அவருக்குக் கோவில் ரொம்பக் குறைவு" என்றால் சரி.

கோவில் வாசல்ல ஏன் மரத்தைக் கொளுத்துறாங்க? மரம் பாவம் இல்லையா?

சொக்கப்பனையைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு வரும் கேள்வி இது. ஒரு பனைமரத் துண்டைக் கோவில் முன்னால் நட்டு, காய்ந்த ஓலைகளை அதைச் சுற்றி உயரமாகக் கட்டி, தீபம் காட்டிய பிறகு கொளுத்துவார்கள். சில இடங்களில் பனைக்குப் பதில் வேறு மரம் நடுவார்கள். ஓலை காய்ந்திருப்பதால் சடசடவென்று சத்தத்தோடு சில நிமிடங்களில் மேலேறிவிடும். நெருப்புத் தூண் கதையை நினைவுபடுத்துவதற்கு என்று சிலர் சொல்வார்கள், சிவன் முப்புரம் எரித்ததைக் குறிக்கிறது என்று சிலர். எரிந்து முடிந்ததும் சாம்பலை நெற்றியில் பூசிக்கொள்வார்கள், வயலில் தூவ எடுத்துப் போவார்கள்.

மரத்துக்காக வருத்தப்படும் குழந்தையிடம் "சாமிக்குன்னா பரவாயில்ல" என்று வாயடைக்காதீர்கள். கவலை நியாயமானது. பனை மெதுவாக வளரும் மரம், தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுதான். 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையின்போது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. "நீ நினைக்கிற மாதிரிதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. பட்டுப்போன மரத்தை எடுத்தா பச்சை மரத்தை வெட்ட வேண்டாம்" என்று சொல்லலாம். கூடவே, அந்த நெருப்பில் முக்கால்வாசி எரிவது காய்ந்து கீழே விழுந்த ஓலைதான் என்பதையும் காட்டலாம்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். எரியும் ஓலைத் துணுக்குகள் பறந்து வரும், நைலான் துணி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குப் பருத்தி உடைதான் நல்லது.

கிராமத்தில் தாத்தா இருந்தால் மாவலியைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஆண் பனையின் பாளையைக் குழியில் போட்டு மூட்டமாகச் சுட்டுக் கரியாக்கி, அதை இடித்துத் தூளாக்கித் துணியில் பொட்டலமாகச் சுருட்டி, மூன்று பனைமட்டைப் பட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டுவார்கள். கயிற்றில் கோத்து, கங்கு வைத்துத் தலைக்கு மேலே சுற்றினால் பொறி வட்டவட்டமாகக் கொட்டும். சுற்றச் சுற்றக் காற்று புகுந்து கரி இன்னும் நன்றாகக் கனல்கிறது. நிறுத்தினால் பொறி குறைந்துவிடும். இதைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்தே புரிந்துகொள்வார்கள். மகாபலி அரசனை நினைத்துச் செய்வது என்று சொல்லும் ஊர்கள் உண்டு. பெரியவர் ஒருவர் கையில்தான் கயிறு இருக்க வேண்டும்.

விளக்கு அணைஞ்சுபோச்சு! நமக்கு ஏதாவது கெட்டது நடக்குமா?

நடக்காது. இதைத் தயங்காமல் சொல்லுங்கள். யாரோ பெரியவர் "அச்சச்சோ" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு இரவு முழுதும் தூங்காமல் கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஏன் அணைந்தது என்று சேர்ந்து பாருங்கள். மழை முடியாத மாதம் அது, காற்று ஈரமாக வீசும், திரி நமத்துப்போயிருக்கும். அல்லது அகல் புதுசாக இருக்கும். புது மண் அகல் எண்ணெயை உறிஞ்சிவிடும், சில நேரம் அடிப்பக்கம் கசிந்து தரையும் பிசுபிசுக்கும். முந்தைய நாளே அகல்களைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து நன்றாகக் காய வைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். திரியை முழுக்க எண்ணெயில் நனைத்து, நுனியை மட்டும் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி விடுங்கள். இந்த வேலையைக் குழந்தையிடமே கொடுக்கலாம். கொளுத்துவதை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருந்து செய்ய வையுங்கள். பாவாடை, துப்பட்டா விளக்குமேல் படாதபடி தூக்கிச் செருகிவிடுங்கள்.

"அப்ப மலைமேல இருக்கிற தீபம் மழையில அணையாதா?" என்பது இதன் தொடர்ச்சி. திருவண்ணாமலையில் எரிவது அகல் இல்லை. ஆள் உயரச் செப்புக் கொப்பரையில் கிலோ கணக்கில் நெய் ஊற்றி, காடாத்துணியைப் பெருந்திரியாகப் போட்டு, கற்பூரம் சேர்த்து ஏற்றுகிறார்கள். மலை 2,668 அடி உயரம். பர்வதராஜகுலத்தார் என்ற சமூகத்தினர் பரம்பரையாக இதைச் செய்கிறார்கள். பதினொரு நாள் எரிகிறது என்பார்கள். அதே நெய், அதே திரி பதினொரு நாளும் தானாக எரிவதில்லை. தினமும் ஆட்கள் நெய்யும் திரியும் சேர்த்து மாலையில் ஏற்றுகிறார்கள். அதை அதிசயம் என்று சொல்லி மலையேறும் அந்த மனிதர்களின் உழைப்பை மறைத்துவிட வேண்டாம்.

விளக்கு ஏத்தினா கிருமியெல்லாம் செத்துடும்னு மிஸ் சொன்னாங்க. உண்மையா?

கார்த்திகை வரும்போதெல்லாம் கைபேசியில் இந்தச் செய்தியும் சுற்றும். மழைக்காலத்தில் பூச்சி பெருகும், விளக்கில் விழுந்து சாகும், அதனால்தான் முன்னோர்கள் வைத்தார்கள் என்று இன்னொன்றும் வரும்.

விளக்கில் சில பூச்சி விழுவது உண்மை. விவசாயிகள் விளக்குப்பொறி வைத்துப் பூச்சி பிடிப்பதும் உண்மை. ஆனால் அது வயலோரத்தில் பல இரவுகள் எரிய வேண்டிய விளக்கு. வாசலில் ஒரு மணி நேரம் எரியும் அகலால் ஊரின் பூச்சியும் குறையாது, காற்றில் உள்ள கிருமியும் ஒழியாது. விளக்குப் புகை மூச்சுக்கு நல்லதும் இல்லை. வீட்டில் இழுப்புத் தொல்லை உள்ள குழந்தை இருந்தால் விளக்குகளை வெளியே வையுங்கள்.

மிஸ்ஸை மட்டம் தட்டாமல் இதைச் சொல்லலாம்: "மிஸ் எங்கேயோ படிச்சிருப்பாங்க. பூச்சி விழுறது சரி, ஆனா கிருமி சாகும்னு யாரும் காட்டல. நாம விளக்கு ஏத்துறது அழகா இருக்குங்கிறதாலயும், பாட்டி காலத்துலேர்ந்து செய்றதாலயும், சாமி கும்பிடுறதாலயும்." இந்தக் காரணங்களே போதும். அறிவியல் என்ற பேரில் ஒன்றை ஒட்டவைத்தால், பத்தாம் வகுப்பில் அது உதிரும்போது பிள்ளைக்கு விளக்கின் மீதும் சந்தேகம் வரும், நம் மீதும் வரும்.

பொரி உருண்டையைச் சாமி சாப்பிடவே இல்லையே? எண்ணிப் பார்த்தேன், அப்படியே இருக்கு.

எண்ணிப் பார்த்தது நல்ல காரியம். "ஆமா, குறையல. சாமிக்கு முதல்ல காட்டிட்டு அப்புறம் நாம சாப்பிடுறதுதான் வழக்கம்" என்று சொல்லுங்கள். நம்புகிறவர்கள் "சாமி பார்த்தாலே போதும், அவர் ஏத்துக்கிட்டார்" என்பார்கள். உருண்டை குறையும் என்று அவர்களும் எதிர்பார்ப்பதில்லை. குழந்தை இல்லாத நேரத்தில் ஒன்றை எடுத்து மறைத்துவிட்டு "பாரு, சாமி சாப்பிட்டுட்டார்" என்று சொல்வது மட்டும் வேண்டாம்.

ஏன் பொரி என்றால் நெல்பொரி, அவல்பொரி இரண்டும் அன்று படைக்கும் வழக்கம். நாலு கிண்ணம் பொரிக்கு முக்கால் கிண்ணம் வெல்லம் போதும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் கெட்டியாக உருள வேண்டும், தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதம் வருமுன் இறக்கினால் உருண்டை மறுநாள் பிசுபிசுத்து உதிரும். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் பொரியைவிட ஓலைக் கொழுக்கட்டைதான் கார்த்திகையின் அடையாளம். அரிசி மாவையும் கருப்பட்டியையும் குருத்தோலைக்குள் வைத்து அவிப்பார்கள், பனையோலை வாசம் அதில் இறங்கியிருக்கும்.

இந்த வருஷம் நம்ம வீட்ல ஏன் விளக்கு வைக்கல? தாத்தா செத்துட்டதால சாமிக்குக் கோபமா?

கோபம் இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் மற்றது. "வீட்ல ஒருத்தர் இறந்தா ஒரு வருஷம் பண்டிகை கொண்டாடாம இருக்கிறது நம்ம வீட்டு வழக்கம். நமக்கு வருத்தமா இருக்குல்ல, அதனால. அடுத்த வருஷம் வைப்போம்." தீட்டு என்ற சொல்லை வீட்டில் யாராவது சொன்னால் குழந்தை அதை "தாத்தா அழுக்கு" என்று புரிந்துகொள்ளக்கூடும், அதனால் நீங்களே முந்திக்கொண்டு விளக்கிவிடுங்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒரே வழக்கம் இல்லை. சிலர் பண்டிகைப் பலகாரத்தை விட்டுவிட்டு, சாமி விளக்கை மட்டும் ஏற்றுவார்கள். தாத்தா படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு வைக்கட்டுமா என்று குழந்தை கேட்டால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் செய்யலாம்.

பக்கத்து வீட்ல நாளைக்குத்தான் ஏத்துவாங்களாம். யார் செய்றது சரி?

இரண்டும் சரி. சிவன் கோவில், பெருமாள் கோவில், முருகன் கோவில் ஆகியவற்றுக்கு நாள் கணக்கில் சில வருடங்களில் வித்தியாசம் வரும், வீட்டுக்காரர்கள் அவரவர் கோவில் வழக்கத்தைப் பின்பற்றுவார்கள். பெருமாள் பக்கத்தில் நெருப்புத் தூண் கதையும் சொல்ல மாட்டார்கள். காஞ்சிபுரம் தூப்புலில் விளக்கொளிப் பெருமாள் இருக்கிறார். பிரம்மா செய்த வேள்வியை இருட்டு சூழ்ந்தபோது அவர் ஒளியாக நின்றார் என்பது அங்கே கதை. திருமங்கையாழ்வார் பிறந்ததும் கார்த்திகையில் கார்த்திகை என்று அன்று கொண்டாடுவார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர் இதே நாட்களை விளக்கீடு என்று சொல்லி, வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன்மேல் விளக்கு வைப்பார்கள்.

"என் கூடப் படிக்கிற ரஹீம் வீட்ல விளக்கே இல்லையே?" என்றும் கேட்கலாம். "அவங்க வீட்ல வேற நாள்ல வேற பண்டிகை. இது அவங்க வழக்கத்துல இல்ல, அதனால வைக்கல" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவன் வந்து பார்க்க ஆசைப்பட்டால், அவன் வீட்டில் கேட்டுவிட்டு மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள். ஏழரைக்கெல்லாம் பாதி விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடும்.